மூன்று மாத பி.எஃப். சலானும் கட்டியாகிவிட்டது, பேரேட்டில் மட்டும் ரூ.1,19,000 பாக்கி நிற்கிறது

நூல்கண்டு (திருப்பூர்) | 18 ஜூலை 2024, காலை 10.12

வணக்கம். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சிறிய தையல் நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்திருக்கிறேன். 24 தொழிலாளர்கள். ஏப்ரலில்தான் ஊழியர் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. அந்த மாதச் சம்பளத்திலிருந்து பி.எஃப். தொடங்கியிருக்கிறது. இ.எஸ்.ஐ. அதற்கு முன்பிருந்தே உண்டு.

எனக்கு முன் இருந்தவர் மாதக் கடைசியில் மொத்தச் சம்பளத்தைச் செலவாகப் பற்று வைத்து, தொழிலாளர்களிடம் பிடித்த பி.எஃப். தொகையை "செலுத்த வேண்டிய பி.எஃப்." என்ற கணக்கில் வரவு வைத்திருக்கிறார். அதுவரை எனக்குப் புரிகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதச் சலான்களும் அடுத்தடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட்டுள்ளன. பி.எஃப். தளத்தில் எந்த நிலுவையும் இல்லை. ஆனால் பேரேட்டில் "செலுத்த வேண்டிய பி.எஃப்." ரூ.1,19,000 வரவு இருப்பாக நிற்கிறது. ஏப்ரல் 39,760, மே 38,920, ஜூன் 40,320.

நடப்பு மூலதனக் கடனுக்காக வங்கி ஜூன் காலாண்டின் லாப நட்டக் கணக்கைக் கேட்டிருக்கிறது. முதலாளி பேரேட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

---

பாலக்கரை சீனு | 18 ஜூலை, காலை 10.40

கட்ட வேண்டியதில்லை என்பது உறுதியானால் அது வெறும் பழைய பாக்கி. "செலுத்த வேண்டிய பி.எஃப்." கணக்கைப் பற்று வைத்து, இதர வருமானத்தில் வரவு வைத்துவிடுங்கள். லாபம் சரியாகிவிடும். நான் பல இடங்களில் இப்படித்தான் நேர் செய்திருக்கிறேன்.

---

வரவுசெலவு (கோவை) | 18 ஜூலை, காலை 11.25

சீனு சொன்னபடி செய்தால் லாபத் தொகை சரியாக வரும் என்பது உண்மைதான். ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். முதலில் ஒன்று கேட்கிறேன். சலான் கட்டியபோது வங்கிக் கணக்குக்கு எதிரே எந்தக் கணக்கு பற்று வைக்கப்பட்டிருக்கிறது? அந்த மூன்று பதிவுகளையும் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

---

நூல்கண்டு | 18 ஜூலை, காலை 11.51

பார்த்தேன். மூன்று சலான்களும் முழுத் தொகையாக "பி.எஃப். செலவு" என்ற கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் சேர்ந்து சுமார் ரூ.2,47,900. ஜூன் சலான் மட்டும் ரூ.84,000.

---

வரவுசெலவு | 18 ஜூலை, நண்பகல் 12.30

அப்படியானால் அந்த 1,19,000 ரூபாய் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. தொழிலாளியிடம் பிடித்த பணம் இரண்டு முறை செலவாகியிருக்கிறது. மொத்தச் சம்பளத்தைச் செலவாக எழுதியபோதே பிடித்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு சலான் கட்டும்போது அதையே மறுபடியும் "பி.எஃப். செலவு" என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பொறுப்பைத் தீர்க்கக் கட்டினார்களோ, அந்தப் பொறுப்பை யாரும் தொடவேயில்லை. அதனால்தான் அது மாதாமாதம் ஊழியர் பங்கின் அளவுக்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

உங்கள் தொழிலாளி ஒருவரின் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் சலான் 84,000 என்பதை வைத்துப் பார்த்தால், அந்த மாதம் 24 பேரின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.3,36,000, ஆளுக்கு 14,000. வீட்டு வாடகைப்படி எவ்வளவு?

---

நூல்கண்டு | 18 ஜூலை, நண்பகல் 12.44

எல்லோருக்கும் 4,000. மொத்தச் சம்பளம் 18,000. ஜூனில் யாரும் விடுப்பு எடுக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் முன்பணத் தவணை 1,000 பிடித்திருக்கிறோம்.

---

வரவுசெலவு | 18 ஜூலை, பிற்பகல் 2.05

அந்த முன்பணக்காரரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது.

14,000-க்கு 12 விழுக்காடு பி.எஃப். என்றால் 1,680. இ.எஸ்.ஐ.க்கு வாடகைப்படியும் சேரும் என்பதால் 18,000-க்கு 0.75 விழுக்காடு, 135 ரூபாய். முன்பணம் 1,000. இவை போகக் கையில் கிடைப்பது 15,185.

இத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுவனம் தன் பையிலிருந்து போடுவது இன்னும் பாக்கி. பி.எஃப். பங்கு அதே 1,680. அதில் 1,166 ஓய்வூதியக் கணக்குக்கும் 514 வைப்பு நிதிக் கணக்குக்கும் போகும். காப்பீட்டுக்கு அரை விழுக்காடு 70, நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு 70. ஆக 1,820. இ.எஸ்.ஐ. 3.25 விழுக்காடு, 585. மாதக் கடைசி நாளில் பதிவு இப்படி இருக்க வேண்டும்:

```
சம்பளச் செலவு                      ப  18,000
பி.எஃப். நிறுவனப் பங்குச் செலவு         ப   1,820
இ.எஸ்.ஐ. நிறுவனப் பங்குச் செலவு       ப     585
  செலுத்த வேண்டிய பி.எஃப். - ஊழியர்    வ   1,680
  செலுத்த வேண்டிய பி.எஃப். - நிறுவனம்   வ   1,820
  செலுத்த வேண்டிய இ.எஸ்.ஐ.          வ     720
  ஊழியர் முன்பணம்                   வ   1,000
  செலுத்த வேண்டிய சம்பளம்            வ  15,185
```

இரண்டு பக்கமும் 20,405. அந்தத் தொழிலாளிக்காக நிறுவனத்துக்கு ஜூன் மாதம் ஆன செலவு அதுதான். அதற்குப் பிறகு வங்கியிலிருந்து போகும் எந்தப் பணமும் செலவு அல்ல. சம்பளம் கொடுத்தாலும் சலான் கட்டினாலும், ஏற்கெனவே எழுதிவைத்த பொறுப்பு ஒன்று தீர்கிறது, அவ்வளவுதான். சலான் கட்டும் பதிவில் "செலவு" என்ற சொல் வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

உங்கள் நேர் செய்யும் பதிவு: செலுத்த வேண்டிய பி.எஃப். பற்று 1,19,000, பி.எஃப். செலவு வரவு 1,19,000. மீதி சுமார் 1,28,900 செலவில் நிற்கும். அதுதான் மூன்று மாத நிறுவனப் பங்கு. இதர வருமானமாக எடுத்திருந்தால், சம்பளச் செலவு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும். எதிரே யாரும் கொடுக்காத ஒரு வருமானம் நிற்கும். வங்கி அதிகாரி, "இது என்ன வருமானம்?" என்று கேட்டால் என்ன ஆவணத்தைக் காட்டுவீர்கள்?

---

பாலக்கரை சீனு | 18 ஜூலை, பிற்பகல் 2.50

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பதிவில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடில்லை. பிடித்தம் என்றால் எல்லாமே பொறுப்புதானே? முன்பணத்தை மட்டும் ஏன் தனியாக வைக்கிறீர்கள்? "பிடித்தங்கள் செலுத்த வேண்டியது" என்று ஒரே கணக்கு போதும். அடுத்தது, பி.எஃப். சலான் ஒன்றுதானே? ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு என்று இரண்டு பொறுப்புக் கணக்குகள் எதற்கு?

---

வரவுசெலவு | 18 ஜூலை, மாலை 4.15

சீனு, இரண்டும் நல்ல கேள்விகள்.

முன்பணம் யாருக்குச் செலுத்த வேண்டியது என்று யோசியுங்கள். யாருக்கும் இல்லை. முன்பு நிறுவனம் அவருக்குக் கொடுத்த பணம் சொத்துப் பக்கத்தில் நிற்கிறது. அதில் 1,000 திரும்பி வந்திருக்கிறது. சொத்து 1,000 குறைகிறது. அதைப் பொறுப்பில் வைத்தால், வராத கடனும் கட்ட முடியாத பாக்கியும் ஐந்தொகையின் இரண்டு பக்கங்களிலும் ஆண்டுக்கணக்கில் வளரும். சம்பளமில்லா விடுப்பு அதைவிட வேறு. இரண்டு நாள் வராதவருக்கு 1,200 குறைகிறது என்றால், அவருடைய மொத்தச் சம்பளமே 16,800தான். சம்பளச் சீட்டில் பிடித்தங்களின் வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் பேரேட்டில் அதற்கு வரவுப் பதிவே கிடையாது. வேறு ஒருவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பணமாக இருந்தால்தான் பிடித்தம் பொறுப்பாகும்.

இரண்டு கணக்குகள் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் வருமான வரி. ஊழியரிடம் பிடித்த பங்கை 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால், அது நிறுவனத்தின் வருமானமாகக் கருதப்படும். பிறகு கட்டினாலும் கழிவு கிடைக்காது. உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் இதை உறுதிசெய்துவிட்டது. நிறுவனப் பங்கு அப்படியல்ல. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கட்டினால் கழிவு உண்டு. ஒரே சலான், ஒரே நாள் தாமதம். ஆனால் ஒரு பாதிக்கு நிரந்தர இழப்பு, மறு பாதிக்கு இழப்பில்லை. வட்டியும் இழப்பீடும் தனி. ஒரே கணக்கில் கலந்து வைத்தால் ஆண்டு இறுதியில் ஆடிட்டர் ஒவ்வொரு சலானாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

---

பாலக்கரை சீனு | 18 ஜூலை, மாலை 4.32

முன்பணம் பற்றிச் சொன்னது சரி. இரண்டு கணக்குகள் விஷயத்தில் இன்னும் தயக்கம் இருக்கிறது. ஒழுங்காக 15-க்குள் கட்டும் சிறு நிறுவனத்துக்கு ஒரே கணக்கு போதும் என்றே நினைக்கிறேன். பிரித்துப் பார்க்கச் சம்பளப் பட்டியலே இருக்கிறதே.

---

கடைக்கண் (சென்னை) | 18 ஜூலை, மாலை 6.08

நான் கணக்கர் இல்லை, சம்பளம் வாங்குபவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் எட்டு மாதம் என் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருந்தார்கள். என் பாஸ்புக்கில் அந்த எட்டு மாதமும் காலியாக இருக்கிறது. கேட்டதற்கு, "நிறுவனத்துக்கு நட்டம், பணம் வந்ததும் கட்டுகிறோம்" என்றார்கள். நீங்கள் சொல்வதுபோல் அது பொறுப்பு என்றால், நட்டத்தில் இருக்கும் நிறுவனம் அதைத் தள்ளிப்போடலாமா? எனக்குக் கிடைக்க வேண்டியது என் பங்கு மட்டுமா?

---

வரவுசெலவு | 18 ஜூலை, இரவு 8.20

தள்ளிப்போட முடியாது, நண்பரே. உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்த நொடியிலேயே அது உங்கள் பணம்; நிறுவனம் அதை ஒப்படைக்க வேண்டிய நிலையில் மட்டும் இருக்கிறது. நட்டமோ லாபமோ அதை மாற்றாது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதை நம்பிக்கை மோசடியாகவே குற்றவியல் சட்டம் பார்க்கிறது. உங்களுக்குச் சேர வேண்டியது இரண்டு பங்கும். சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். கையில் வந்தது நிகரச் சம்பளம்தான் என்று வங்கிப் பதிவு காட்டுமானால், பிடித்தம் நடந்ததற்கு அது வலுவான சான்று.

கணக்கர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். நெருக்கடியில் நிறுவனம் முதலில் கைவைப்பது இந்தப் பொறுப்புக் கணக்குகளில்தான். இரண்டு மாத ஊழியர் பங்கு ஒரே சமயத்தில் பாக்கி நிற்கிறது என்றால், முதலாளியிடம் அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

---

வெள்ளவத்தை வாசகி (கொழும்பு) | 19 ஜூலை, காலை 9.15

எங்களிடமும் இதே முறைதான், விகிதங்கள் வேறு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, தொழில் வழங்குநர் 12 விழுக்காடு. அதன் மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வழங்குநர் மட்டும் 3 விழுக்காடு. 60,000 ரூபாய் சம்பளத்தில் ஊழியர் கையில் 55,200; நிதிகளுக்குப் போவது 13,800; நிறுவனத்துக்கு ஆகும் செலவு 69,000.

நான் பார்த்த கணக்குகளில் வேறொரு குழப்பம் இருந்தது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 விழுக்காட்டையும் ஊழியரிடமிருந்து பிடித்ததாக எழுதியிருந்தார்கள். சம்பளச் சீட்டில் சரியாக இருந்தது. பேரேட்டில் சம்பளம் செலுத்த வேண்டிய கணக்கு ஒவ்வொரு மாதமும் பற்று இருப்பாக முடிந்தது. ஊழியருக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்து எழுதிவிட்டு, முழுதாகக் கொடுத்ததால் வந்த வித்தியாசம் அது. பொறுப்புக் கணக்கில் பற்று இருப்பைக் கண்டால் முதலில் இதைப் பாருங்கள்.

---

வரவுசெலவு | 19 ஜூலை, காலை 10.02

வாசகி அம்மா சொன்னது இந்த இழைக்கு மிகவும் தேவையான குறிப்பு. வரவு இருப்பு ஏறிக்கொண்டே போனால், கட்டியதை வேறு கணக்கில் எழுதியிருக்கிறார்கள், அல்லது கட்டவே இல்லை. பற்று இருப்பாகத் திரும்பினால், மாதக் கடைசியில் பொறுப்பைக் குறைவாக எழுதியிருக்கிறார்கள்.

நூல்கண்டு, வங்கிக்குக் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். ஜூன் மாத நிறுவனப் பங்கு எந்தத் தேதியில் செலவாகியிருக்கிறது?

---

நூல்கண்டு | 19 ஜூலை, காலை 11.30

சலான் கட்டிய ஜூலை 12-ஆம் தேதியில். அப்படியானால் ஜூன் காலாண்டில் அது வரவே இல்லை!

---

வரவுசெலவு | 19 ஜூலை, நண்பகல் 12.10

அதேதான். 1,19,000-க்கான நேர் செய்யும் பதிவை ஒரே தேதியில் போட்டால் ஆண்டுக் கணக்கு சரியாகும்; ஆனால் காலாண்டுக் கணக்கு தவறாகவே இருக்கும். மாதவாரியாகப் பிரியுங்கள். ஏப்ரல், மே மாத ஊழியர் பங்கு 78,680 மே, ஜூன் மாதங்களில் செலவாகியிருக்கிறது. அது ஜூன் 30-க்குள் செலவிலிருந்து குறைய வேண்டும். ஜூன் மாத நிறுவனப் பங்கு 43,680 ஜூன் 30 தேதியிட்டுச் செலவில் சேர வேண்டும். ஆக, காலாண்டு லாபம் 1,19,000 கூடாது. 35,000 ரூபாய் மட்டுமே கூடும். ஜூன் 30 அன்று பி.எஃப். பொறுப்பு 84,000 நிற்க வேண்டும். ஜூலை 12 சலானில் அது பூஜ்யமாக வேண்டும். ஜூலையில் "பி.எஃப். செலவு" என்று எழுதிய 84,000 முழுவதையும் பொறுப்புக் கணக்குகளுக்கு மாற்றிவிடுங்கள்.

முதலாளிக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். 1,19,000 லாபம் கூடும் என்று எதிர்பார்த்திருப்பார்.

---

தாரமங்கலம் (சேலம், ஆடிட்டர் அலுவலகம்) | 19 ஜூலை, பிற்பகல் 3.40

மாதக் கடைசிப் பதிவில் டி.டி.எஸ். பற்றி யாரும் பேசவில்லை. இந்தத் தொழிலாளர்களுக்கு வராது. மேலாளர் நிலையில் வரும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஜூன் சம்பளத்தை ஜூலை 5 அன்று கொடுக்கிறார். சம்பளத்தின் மீதான வரியைப் பணம் கொடுக்கும்போதுதான் பிடிக்க வேண்டும் என்கிறது 192-ஆம் பிரிவு. எனவே ஜூன் 30 அன்று டி.டி.எஸ். பொறுப்பு என்று எழுதுவது தவறு. அந்த நாளில் அந்தத் தொகையும் ஊழியருக்குச் செலுத்த வேண்டிய சம்பளம்தான். ஜூலை 5 அன்றுதான் அது அரசுக்குச் செலுத்த வேண்டியதாக மாறும். கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 7. பி.எஃப். அப்படியல்ல. சம்பளத்தை எப்போது கொடுத்தாலும் ஜூன் மாதப் பங்கு ஜூலை 15-க்குள் போயாக வேண்டும்.

---

பாலக்கரை சீனு | 19 ஜூலை, மாலை 5.05

சட்டப்படி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நடைமுறையில் சம்பள மென்பொருள் எல்லாப் பிடித்தங்களையும் ஒரே பதிவில் மாதக் கடைசித் தேதியில் போடுகிறது. நாங்களும் ஜூலை 7-க்குள்ளேயே வரியைக் கட்டிவிடுகிறோம். முன்கூட்டிக் கட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

---

தாரமங்கலம் | 19 ஜூலை, மாலை 5.48

வரித்துறைக்கு நட்டமில்லைதான். ஆனால் காலாண்டு விவரத் தாக்கலில் ஜூலை 5 அன்று பிடித்த வரி ஜூன் மாதப் பிடித்தமாகத் தெரியும். அது வேறு காலாண்டு. வங்கிப் பட்டுவாடா தேதியோடு அது பொருந்தாது. நான் என் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பதிவுகளாகவே போடச் சொல்கிறேன்.

---

வரவுசெலவு | 19 ஜூலை, இரவு 7.30

இதில் நான் தாரமங்கலம் பக்கம். ஆனால் சீனுவின் முறையைப் பின்பற்றும் நல்ல ஆடிட்டர்களையும் எனக்குத் தெரியும். ஐந்தொகையில் எப்படியும் நடப்புப் பொறுப்புதான். யாருக்கு என்பது மட்டுமே வேறுபடுகிறது. சம்பளத்தை மாதக் கடைசி நாளிலேயே கொடுக்கும் நிறுவனத்தில் இந்தக் கேள்வியே எழாது.

---

நூல்கண்டு | 20 ஜூலை, காலை 11.20

எல்லோருக்கும் நன்றி. பதிவுகளை மாதவாரியாக மாற்றிவிட்டேன். ஜூன் 30 அன்று பி.எஃப். இரண்டு கணக்குகளும் சேர்ந்து 84,000. ஜூலை 12 அன்று பூஜ்யம். காலாண்டு லாபம் 35,000 கூடியது. முதலாளிக்கு ஏமாற்றம்தான், ஆனால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்று தெரிந்ததில் நிம்மதியாக இருக்கிறார்.

இ.எஸ்.ஐ.யிலும் இதே பிழை இருந்தது, அதையும் சரிசெய்தேன். ஆனால் அங்கே பூஜ்யம் வரவில்லை. ஏப்ரலும் மேயும் சேர்ந்து 19 ரூபாய் பற்று இருப்பாக நிற்கிறது. ஜூன் மட்டும் சரியாக இருக்கிறது.

---

வரவுசெலவு | 20 ஜூலை, நண்பகல் 12.05

ஏப்ரலிலும் மேயிலும் விடுப்பு எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். சம்பளம் முழு எண்ணாக இருந்திருக்காது. இ.எஸ்.ஐ.யில் ஒவ்வொரு ஊழியரின் பங்கையும் தனித்தனியாக அடுத்த ரூபாய்க்கு உயர்த்த வேண்டும். 126 ரூபாய் 10 காசு வந்தால் 127. உங்கள் சம்பளப் பட்டியல் அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கியிருந்தால் அதில் 126தான் இருக்கும். சலான் 127 கேட்கும். ஜூனில் எல்லோருக்கும் சரியாக 135 வந்ததால் வித்தியாசம் இல்லை. சம்பளப் பட்டியலில் இ.எஸ்.ஐ. பத்தியின் சூத்திரத்தை இப்படி மாற்றுங்கள்:

```
=ROUNDUP(B2*0.75%,0)
```

பழைய 19 ரூபாயை நிறுவனச் செலவில் ஏற்றிவிடுங்கள். தொழிலாளர்களிடம் இப்போது போய்ப் பிடிக்க வேண்டாம்.

---

பாலக்கரை சீனு | 20 ஜூலை, நண்பகல் 12.40

மாற்றுவதற்கு முன், அந்த 19 முழுவதும் இதனால்தான் வந்ததா என்று ஆள்வாரியாக ஒருமுறை சலானோடு ஒத்துப் பாருங்கள். ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்தவர்களில் யாருடைய பெயராவது சம்பளப் பட்டியலில் ஒரு நாளும் சலானில் இரண்டு நாளுமாக இருந்தாலும் இதுபோன்ற சிறு வித்தியாசம் வரும்.

---

நூல்கண்டு | 20 ஜூலை, பிற்பகல் 3.15

ஒத்துப் பார்த்தேன். 17 ரூபாய் முழுமையாக்கலால் வந்தது. மீதி 2 ரூபாய் மே மாதத்தில் ஒருவரின் பெயரில் வருகிறது; அவருக்குச் சலானில் போட்ட சம்பளம் பட்டியலில் உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை வரும்.